‘உம்’ எங்கே நிற்கிறது: தின்பண்டச் சீட்டுகளோடு ஒரு வென்பட வகுப்பு

ஒன்பதாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தில் முதல் பாடமே கண மொழிதான். ஜூன் மாதம் பள்ளி திறந்த கையோடு அதில்தான் தொடங்க வேண்டும். கணம், உட்கணம், வெற்றுக் கணம் வரை பிள்ளைகள் சிரமமில்லாமல் வந்துவிடுவார்கள். வென்படத்தில் இரண்டு வட்டம் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்போதுதான் தடுமாற்றம் ஆரம்பிக்கும். படத்தை அழகாக வரைவார்கள், எண்களைத் தப்பான இடத்தில் எழுதுவார்கள். நானும் பல வருடம் கரும்பலகையில் சூத்திரத்தை எழுதிப்போட்டு, நாலு கணக்கு செய்து காட்டிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். பரீட்சைத் தாளைத் திருத்தும்போது அதே தப்பு அப்படியே இருக்கும்.

பிறகுதான் வகுப்பிலேயே கணக்கெடுத்து, அந்த எண்களை வைத்தே பாடம் நடத்தலாம் என்று முடிவு செய்தேன். எங்கள் ஊர் சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில். ஒரு பக்கம் காராச்சேவு, இன்னொரு பக்கம் கடலை மிட்டாய், கொஞ்சம் மேற்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. தின்பண்டத்தைப் பற்றிக் கேட்டால் பதில் சொல்லாத பிள்ளை இங்கே கிடையாது.

முதல் வருடம் அது சரியாக வரவில்லை. “உனக்கு ரொம்பப் பிடிச்ச தின்பண்டம் எது?” என்று ஒவ்வொருவராக எழுப்பிக் கேட்டேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். கடலை மிட்டாய் இத்தனை, காராச்சேவு இத்தனை என்று எழுதி, இரண்டு வட்டம் வரைந்து, வெட்டும் இடத்தில் யார் வருவார்கள் என்று கேட்டேன். ஒருவரும் வரவில்லை. வரவும் முடியாது. ஒரே ஒரு பதில்தான் சொல்லலாம் என்று கேள்வியே கட்டிப்போட்டுவிட்டது. நான் திரட்டியது பட்டை விளக்கப்படத்துக்கு உரிய தரவு. வென்படத்தில் அது வெட்டாக் கணங்களாக மட்டுமே வரும். கேள்வி தப்பாக இருந்தால் வட்டங்கள் ஒன்றையொன்று தொடவே தொடாது என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வருடம் “எது பிடிக்கும்” என்பதை “எதெல்லாம் பிடிக்கும்” என்று மாற்றினேன். அதோடு கேள்வியைத் தாளில் கொடுத்தேன். கையைத் தூக்கச் சொன்னால் பக்கத்து பெஞ்சைப் பார்த்துத் தூக்குகிறார்கள். பால்கோவாவுக்குக் கை தூக்கலாமா என்று யோசிக்கிற பிள்ளை, தோழி தூக்கினால்தான் தானும் தூக்குகிறாள். ஒருபக்கம் எழுதிய பழைய தாளை நாலாகக் கிழித்தால் நாலு சீட்டு. ஒவ்வொன்றிலும் வரிசை எண், கீழே மூன்று தின்பண்டங்களின் பெயர், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கட்டம். பெயர் எழுத வேண்டாம், வரிசை எண் போதும்.

சீட்டைக் கையில் வாங்கியதும் பின்பெஞ்சுப் பையன் ஒருவன் எழுந்தான். “பிடிக்கும்னா எவ்வளவு பிடிக்கணும், டீச்சர்? கொடுத்தா திம்பேன், ஆனா கேட்டு வாங்க மாட்டேன்.” நல்ல கேள்வி. அழகான பூக்களின் தொகுப்பு கணம் ஆகாது, எது அழகு என்று ஆளுக்கு ஆள் மாறும் என்று இரண்டு நாளைக்கு முன்புதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். கணம் என்றால் அது நன்கு வரையறுக்கப்பட்டதாக இருக்க வேண்டும். ஒருவர் உள்ளேயா வெளியேயா என்று யார் கேட்டாலும் ஒரே பதில் வர வேண்டும். அதை நானே கவனிக்காமல் கேள்வி கேட்டிருக்கிறேன். உடனே கேள்வியை மாற்றிக் கரும்பலகையில் எழுதினேன்: “உன் கையில் பத்து ரூபாய் இருந்து, கடையில் இது இருந்தால், வாங்கித் தின்பாயா? ஆமாம் என்றால் டிக் போடு.” அதற்குப் பிறகு யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நன்கு வரையறுக்கப்பட்டது என்ற சொல்லை அந்த வகுப்பில் நான் மறுபடி விளக்க வேண்டி வந்ததே இல்லை.

சீட்டில் இன்னொன்றும் சேர்க்க வேண்டியிருந்தது. சில சீட்டுகள் எந்த டிக்கும் இல்லாமல் வரும். அந்தப் பிள்ளைக்கு மூன்றுமே பிடிக்காதா, இல்லை கேள்வி புரியாமல் அப்படியே கொடுத்துவிட்டதா என்று கண்டுபிடிக்க முடியாது. அதனால் கடைசியில் ‘இவற்றில் எதுவும் இல்லை’ என்று நாலாவது கட்டம் ஒன்று வைத்தேன். அதில் டிக் போட்டிருந்தால் அது பதில். நாலு கட்டமும் காலியாக இருந்தால் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்க வேண்டும். இந்த ஒரு கட்டம் இல்லாவிட்டால் வட்டத்துக்கு வெளியே எழுதும் எண்ணை நம்பவே முடியாது.

வருகைப் பதிவேட்டில் 38 பேர். அன்றைக்கு இரண்டு பேர் வரவில்லை. அதனால் அனைத்துக் கணம் 36. இதைக் கரும்பலகையில் முதலிலேயே எழுதி வைத்தேன். இல்லாவிட்டால் கடைசியில் கூட்டிப் பார்க்கும்போது இரண்டு பேரைக் காணோமே என்று தேட வேண்டியிருக்கும்.

சீட்டுகளை எண்ணினோம். பால்கோவாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு முதலில் இரண்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். கடலை மிட்டாய்க்கு 24 டிக், காராச்சேவுக்கு 21. கூட்டச் சொன்னேன். 45 என்றார்கள். “வகுப்பில் எத்தனை பேர்?” 36. கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ஒரு பெண், “ஒன்பது பேரு எங்கருந்து வந்தாங்க, டீச்சர்?” என்று கேட்டாள். ஒருவன் நான் தப்பாக எண்ணிவிட்டேன் என்று சீட்டை வாங்கி மறுபடி எண்ணினான். அதே 45. நான் பதில் சொல்லவில்லை, எல்லாரையும் வெளியே கூட்டிக்கொண்டு போனேன்.

வேப்பமரத்தடியில் இரண்டு நார்க்கயிறு வைத்திருந்தேன். ஒவ்வொன்றும் சுமார் 13 மீட்டர். வட்டமாகப் போட்டால் குறுக்கே நாலு மீட்டர் வரும், இருபத்துச் சொச்சம் பிள்ளைகள் நெருக்காமல் நிற்கலாம். இரண்டு கயிறையும் தனித்தனியாக, நடுவில் இடைவெளி விட்டுப் போட்டேன். ‘இடது பக்கம் கடலை மிட்டாய், வலது பக்கம் காராச்சேவு, அவரவர் சீட்டைப் பார்த்து உள்ளே போய் நில்லுங்கள்’ என்றேன்.

கடலை மிட்டாய்க்கு மட்டும் டிக் போட்டவர்கள் நேராகப் போய்விட்டார்கள். இரண்டுக்கும் டிக் போட்ட ஒரு பையன் முதலில் இடது வட்டத்துக்கு ஓடினான். அப்புறம் நினைவு வந்து வலது வட்டத்துக்கு ஓடினான். திரும்ப நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்தான். இன்னொரு பெண் இரண்டு கயிறும் கிட்ட வருகிற இடத்தில் ஒரு காலை இங்கேயும் ஒரு காலை அங்கேயும் வைக்கப் பார்த்தாள். எட்டவில்லை. “டீச்சர், கயித்தைக் கொஞ்சம் இழுத்துப் போடவா?” என்று கேட்டாள். “போடு” என்றேன். அவளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வலது கயிற்றை இழுத்து இடது கயிற்றின் மேல் ஏற்றினார்கள். நடுவில் ஒரு மீன் வடிவ இடம் பிறந்தது. இரண்டும் பிடித்தவர்கள் எல்லாரும் அதற்குள் போனார்கள். ஆனால் இடம் போதவில்லை, நெருக்கியடித்து நின்றார்கள். இன்னும் கொஞ்சம் இழுத்தார்கள். வெட்டுக் கணம் என்ற பெயரை அப்போதுதான் சொன்னேன்.

இந்த வரிசை முக்கியம் என்று நினைக்கிறேன். முதலிலேயே வெட்டும் வட்டங்களைப் போட்டுக் கொடுத்திருந்தால் அந்த நடு இடம் ஏன் வேண்டும் என்று யாருக்கும் தோன்றியிருக்காது. எங்கே நிற்பது என்று தெரியாமல் ஒரு பிள்ளை நடுவில் நின்றால்தான் கயிற்றை இழுக்கத் தோன்றும்.

நடுவில் நின்றவர்களை எண்ணினோம், 13 பேர். இடது வட்டத்தில் மட்டும் 11, வலது வட்டத்தில் மட்டும் 8. மரத்தடியில் எந்தக் கயிற்றுக்குள்ளும் போகாமல் 4 பேர். கூட்டினால் 36. அந்த ஒன்பது பேர் விஷயத்தையும் அங்கேயே முடித்தோம். இடது வட்டத்தில் இருப்பவர்கள் உரக்க எண்ணுங்கள் என்றேன், 24 வரை வந்தது. வலது வட்டத்தில் இருப்பவர்கள் எண்ணுங்கள் என்றேன், 21. நடுவில் நின்ற 13 பேரும் இரண்டு தடவையும் வாயைத் திறந்தார்கள். “நாங்க ரெண்டு தடவ எண்ணிட்டோம்” என்று அவர்களே சொன்னார்கள். 45-இல் 13-ஐக் கழித்தால் 32. கயிறுகளுக்குள் நிற்பவர்கள் 32. மீதி நாலு பேர் மரத்தடியில். 45-க்கும் 36-க்கும் வித்தியாசம் ஒன்பதுதான், பின் ஏன் பதின்மூன்றைக் கழிக்கிறோம் என்று ஒருவன் கேட்டான். வெளியே நிற்கும் நாலு பேர் 36-இல் உண்டு, 45-இல் கிடையாது. ஒன்பதும் நாலும் பதின்மூன்று. அவனே விரலை மடக்கிக் கணக்குப் பார்த்துக்கொண்டான். வகுப்புக்குத் திரும்பியதும் கடலை மிட்டாய்க் கணத்தை A என்றும் காராச்சேவுக் கணத்தை B என்றும் வைத்துக் கீழே உள்ளதை எழுதினேன். யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கவில்லை.

n(A∪B) = n(A) + n(B) − n(A∩B)

மரத்தடியிலேயே இன்னொன்றும் நடந்தது. அதை நான் திட்டமிடவில்லை. எல்லாரையும் ஓரமாகப் போகச் சொல்லிவிட்டு, “கடலை மிட்டாய் பிடித்தவர்களும் காராச்சேவு பிடித்தவர்களும் கயிற்றுக்குள் வாங்க” என்று கூப்பிட்டேன். நான் எதிர்பார்த்தது நடு இடத்துக்கு வரவேண்டிய 13 பேரை. வந்தது 32 பேர். ஏன் எல்லாரும் வருகிறீர்கள் என்று கொஞ்சம் அதட்டலாகவே கேட்டுவிட்டேன். “நீங்கதான கூப்பிட்டீங்க, டீச்சர்” என்றாள் ஒருத்தி. யோசித்துப் பார்த்தேன், அவள் சொன்னது முழுக்கச் சரி. கல்யாண வீட்டில் “மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் பெண் வீட்டுக்காரர்களும் சாப்பிட வாங்க” என்றால் இரண்டு பக்கத்துக்கும் சொந்தமானவர்கள் மட்டுமா வருவார்கள்?

மறுபடி கூப்பிட்டேன். “கடலை மிட்டாயும் காராச்சேவும் பிடித்தவர்கள் வாங்க.” 13 பேர் மட்டும் நடுவில் வந்து நின்றார்கள்.

இரண்டு வாக்கியத்திலும் ‘உம்’ இரண்டு தடவை வருகிறது. அது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. தின்பண்டத்தோடு ஒட்டினால், ஒரே ஆளுக்கு இரண்டும் பிடிக்க வேண்டும், அது வெட்டுக் கணம். ஆட்களோடு ஒட்டினால், இரண்டு கூட்டத்தையும் சேர்த்துக் கூப்பிடுகிறோம், அது சேர்ப்புக் கணம். ‘மற்றும்’ என்று வந்தால் வெட்டு, ‘அல்லது’ என்று வந்தால் சேர்ப்பு என்று நான் சொல்லிக்கொடுத்து வந்த குறுக்குவழி எத்தனை பிள்ளைகளைத் தப்பாகத் திருப்பியிருக்கும் என்று எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

‘அல்லது’ இன்னும் சிக்கல். வீட்டுக்கு வந்தவரிடம் “டீயா, காபியா?” என்று கேட்டால் ஒன்றைத்தான் சொல்வார். இரண்டும் வேண்டும் என்று சொல்ல மாட்டார். அதே பழக்கத்தில் ‘கடலை மிட்டாய் அல்லது காராச்சேவு பிடித்தவர்கள்’ என்று கேள்வியில் வந்தால், நடுவில் இருக்கிற 13 பேரை விட்டுவிட்டு 11-ஐயும் 8-ஐயும் மட்டும் கூட்டி 19 என்று எழுதுகிறார்கள். கணக்கில் ‘அல்லது’ என்றால் இரண்டும் பிடித்தவரும் உண்டு. இதற்கு ஒரு சொல் மாற்றம் கைகொடுத்தது. ‘ஏதாவது ஒன்றாவது பிடித்தவர்கள்’ என்று சொன்னால் பிள்ளைகள் தயக்கமே இல்லாமல் 32 பேரும் வருகிறார்கள். குறைந்தது ஒன்று என்ற பொருளை அந்த ‘ஆவது’ கொண்டுவந்துவிடுகிறது. இப்போது கேள்வியில் ‘அல்லது’ என்று பார்த்தால் ‘ஒன்றாவது’ என்று படித்துக்கொள்ளச் சொல்கிறேன்.

இன்னொரு சொல் ‘மட்டும்’. அது இருக்கிறதா இல்லையா என்று பார்க்காமல் விடுவதால்தான் பரீட்சையில் நான் பார்க்கும் தப்புகளில் பாதி வருகிறது. ‘கடலை மிட்டாய் பிடித்தவர்கள் 24’ என்று கொடுத்திருந்தால், 24-ஐக் கொண்டுபோய் வட்டத்தின் இடது ஓரத்தில், வெட்டாத பகுதியில் எழுதிவிடுகிறார்கள். நடுவில் 13, அந்தப் பக்கம் 21. கூட்டினால் 58 வரும், ஆனால் கூட்டிப் பார்ப்பதில்லை. கயிற்றுக்குள் நின்ற பிள்ளைகளுக்கு இதைச் சொல்வது சுலபமாக இருந்தது. 24 என்பது கயிறு முழுவதற்கும் உரிய எண். கயிற்றின் ஒரு துண்டில் அதை எழுத இடமில்லை. இப்போது முழு வட்டத்தின் எண்ணை வட்டத்துக்கு வெளியே, கணத்தின் பெயருக்குப் பக்கத்தில் எழுதச் சொல்கிறேன். உள்ளே எழுதுவது அந்தத் துண்டில் நிற்பவர்களின் எண்ணிக்கை மட்டும்.

மறுநாள் பால்கோவாவைச் சேர்த்தோம். மூன்று வட்டத்துக்குக் கயிறு தோதுப்படாது. துண்டுகள் சிறியதாகிப் பிள்ளைகள் எந்தத் துண்டில் நிற்கிறோம் என்று தெரியாமல் குழம்புவார்கள். அதனால் நாலு சார்ட் பேப்பரை ஒட்டித் தரையில் விரித்து, செவ்வகம் போட்டு, அதற்குள் மூன்று பெரிய வட்டங்களை வரைந்து, சீட்டுகளையே வைக்கச் சொன்னேன். ஒவ்வொருவராக வந்து தன் சீட்டைத் தன் இடத்தில் வைக்க வேண்டும். வைக்குமுன் இடத்தை வாயால் சொல்ல வேண்டும். “கடலை மிட்டாய் உண்டு, சேவு உண்டு, பால்கோவா இல்லை.” உண்டு, இல்லை என்று மூன்று தடவை சொன்னால் போதும், சீட்டு போக வேண்டிய இடம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இரண்டு இடத்தில் வைக்க முடிகிற சீட்டும் கிடையாது, இடமே இல்லாத சீட்டும் கிடையாது. மூன்று கேள்விக்கு இரண்டிரண்டு பதில், ஆக எட்டு வகைச் சீட்டு. படத்தில் துண்டுகளை எண்ணினால் வட்டங்களுக்குள் ஏழு, வெளியே ஒன்று. எட்டுக்கு எட்டு.

எல்லாரும் வைத்து முடித்ததும் எண்ணினோம். மூன்றும் பிடித்தவர்கள் 6. கடலை மிட்டாயும் காராச்சேவும் பிடித்து, பால்கோவா பிடிக்காதவர்கள் 7. கடலை மிட்டாயும் பால்கோவாவும் மட்டும் 3. காராச்சேவும் பால்கோவாவும் மட்டும் 2. கடலை மிட்டாய் மட்டும் 8, காராச்சேவு மட்டும் 6, பால்கோவா மட்டும் 3. எல்லா வட்டத்துக்கும் வெளியே 1.

நேற்று நடுவில் நின்ற 13 பேர் இன்றைக்கு இரண்டாகப் பிரிந்திருப்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்தார்கள். 7-ம் 6-ம் சேர்ந்தால் 13. நேற்று இடது ஓரத்தில் தனியாக நின்ற 11 பேர் 8-ஆகவும் 3-ஆகவும், வலது ஓரத்தில் நின்ற 8 பேர் 6-ஆகவும் 2-ஆகவும், மரத்தடியில் நின்ற 4 பேர் 3-ஆகவும் 1-ஆகவும் பிரிந்திருந்தார்கள். மூன்றாவதாக வரும் வட்டம் ஏற்கெனவே இருக்கிற ஒவ்வொரு துண்டையும் இரண்டாக வெட்ட வேண்டும். மூன்றாவது வட்டத்தை ஏன் அப்படிக் குறுக்கே போட்டு வரைகிறோம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

அதன் பிறகு சீட்டுகளை எடுத்துவிட்டு, புத்தகக் கணக்குகளில் எப்படிக் கொடுப்பார்களோ அப்படியே எண்களைக் கரும்பலகையில் எழுதினேன். கடலை மிட்டாய் 24, காராச்சேவு 21, பால்கோவா 14. முதல் இரண்டும் பிடித்தவர்கள் 13, கடலை மிட்டாயும் பால்கோவாவும் 9, காராச்சேவும் பால்கோவாவும் 8, மூன்றும் 6. இதிலிருந்து படத்தைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். பலர் 24-இல் தொடங்கப் பார்த்தார்கள். நடுவிலிருந்து வெளியே வரச் சொன்னேன். முதலில் நட்டநடுவில் 6. அப்புறம் 13-இல் 6 போக 7, 9-இல் 6 போக 3, 8-இல் 6 போக 2. அப்புறம் கடலை மிட்டாயின் 24-இலிருந்து 7, 6, 3 போக 8. இதே மாதிரி மற்ற இரண்டும். ஏன் நடுவிலிருந்து என்றால், கொடுத்த எண்களில் ஒரே ஒரு துண்டை மட்டும் குறிப்பது அந்த 6 மட்டுமே. மற்ற எல்லா எண்களும் இரண்டு அல்லது நாலு துண்டுகளைச் சேர்த்துச் சொல்பவை. கேள்வியில் நடு எண்ணைக் கொடுக்காமல் கேட்டிருந்தால் அங்கே x போட்டுக்கொண்டு இதே வழியில் வெளியே வர வேண்டியதுதான்.

அந்த 9-உம் 3-உம் வேறு வேறு எண்ணிக்கை என்பதை இந்தத் தடவை யாரும் மறக்கவில்லை. மூன்றும் பிடித்த பிள்ளைக்குக் கடலை மிட்டாயும் பால்கோவாவும் பிடிக்கும்தானே. ‘மட்டும்’ என்று சொல்லாதவரை அவளும் அந்த 9-இல் உண்டு.

துண்டு ஏதாவது ஒன்றில் எதிர்மறை எண் வந்தால் கொடுத்த தரவே தப்பு. இது எனக்கே ஒரு தடவை நடந்திருக்கிறது. முன்பொரு வருடம் அவசரத்தில் ஒரு தேர்வுக் கேள்வி எழுதினேன்: 40 பேர், டீ குடிப்பவர்கள் 25, காபி குடிப்பவர்கள் 20, இரண்டும் குடிப்பவர்கள் 22. சூத்திரத்தில் போட்டால் 23 என்று அமைதியாக விடை வரும், எல்லாரும் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கிக்கொண்டார்கள். படம் வரைந்த ஒரே ஒரு பெண் மட்டும் காபி மட்டும் என்ற துண்டில் −2 என்று எழுதி, அதைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருந்தாள். காபி குடிப்பவர்களே 20 பேர் என்றால் இரண்டும் குடிப்பவர்கள் எப்படி 22 பேர் ஆக முடியும்? வெட்டுக் கணம் எந்த வட்டத்தைவிடவும் பெரியதாக இருக்க முடியாது. மறுநாள் வகுப்பில் கேள்வி தப்பு என்று சொல்லி, அவள் தாளை எல்லாருக்கும் காட்டினேன். அதிலிருந்து எந்தக் கணக்கானாலும் படத்தின் எல்லாத் துண்டுகளையும் நிரப்பிக் கூட்டிப் பார்க்காமல் நான் கேள்வித்தாளில் சேர்ப்பதில்லை.

இன்னொரு பிரிவிலும் இதே கணக்கெடுப்பைச் செய்தபோது, காராச்சேவும் பால்கோவாவும் மட்டும் பிடித்தவர்கள் யாருமே இல்லை. அந்தத் துண்டில் ஆள் இல்லையே, வரையாமல் விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். விடக் கூடாது, வரைந்து 0 என்று எழுத வேண்டும். யாரும் இல்லை என்பதும் நாம் கண்டுபிடித்த ஒரு செய்தி. ஜான் வென் 1880-இல் இந்தப் படங்களைப் பற்றி எழுதியபோது செய்த புதுமையும் இதுதான். அவருக்கு நூறு வருடத்துக்கு முன்பே ஆய்லர் வட்டங்களைப் பயன்படுத்தியிருக்கிறார். ஆனால் ஆய்லர் படத்தில் உண்மையில் உள்ள உறவை மட்டும் வரைவார்கள், வெட்டாத கணங்கள் என்றால் வட்டங்களைத் தள்ளியே போடுவார்கள். வென் முதலில் இருக்கக்கூடிய எல்லாத் துண்டுகளையும் வரைந்துவிட்டு, எது காலி என்று பிறகு குறித்தார். தரவு கைக்கு வருமுன் படத்தைப் போட்டு வைக்க அதனால்தான் முடிகிறது.

பஜ்ஜியையும் சேர்த்து நாலு வட்டம் போடலாம் என்று இரண்டு பையன்கள் வீட்டில் உட்கார்ந்து முயற்சி செய்து வந்தார்கள். நோட்டில் ஐந்தாறு படம். ஒவ்வொன்றிலும் ஏதோ ஒரு துண்டு விட்டுப்போயிருந்தது. நாலு கேள்விக்குப் பதினாறு வகைச் சீட்டு வரும். ஆனால் நாலு வட்டங்களை எப்படிப் போட்டாலும் வெளி இடத்தையும் சேர்த்து அதிகபட்சம் பதினாலு துண்டுகள்தான் கிடைக்கும். அவர்கள் திறமையில் குறை இல்லை, வட்டத்தால் அது முடியாது. வென் இதற்கு முட்டை வடிவ நீள்வட்டங்களைப் பயன்படுத்தினார். நாலு நீள்வட்டத்தை விசிறி மாதிரிப் போட்டால் பதினாறும் வந்துவிடும். அதை வரைந்து காட்டியபோது அவர்கள் துண்டு துண்டாக எண்ணிச் சரிபார்த்துக்கொண்டார்கள். ஆனால் அதைப் படிப்பது கஷ்டம். நாலு வகைக்கு மேல் போனால் அட்டவணைதான் நல்லது.

வெளியே வைத்த அந்த ஒரு சீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அதை வைத்த பெண்ணுக்குக் கடலை ஒத்துக்கொள்ளாது, இனிப்பும் சேவும் பிடிக்காது. உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவிய மாங்காய்தான் வாங்குவாளாம். அவள் சீட்டை வட்டங்களுக்கு வெளியே, ஆனால் செவ்வகத்துக்குள் வைக்க வேண்டும். பக்கத்தில் நின்றவள், “அவதான் எதிலயும் இல்லையே, டீச்சர், சீட்ட எடுத்துரலாம்ல” என்றாள். எடுத்தால் 35 ஆகிவிடும் என்றேன். நம் கேள்வி இந்த வகுப்பில் இருக்கிற 36 பேரிடம் கேட்டது. அவளிடமும் கேட்டோம், அவளும் பதில் சொன்னாள். செவ்வகத்தை வரையாமல் வெறும் வட்டங்களை மட்டும் வரைகிற பிள்ளைகள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அவர்கள் படத்தில் காணாமல் போவது இந்த மாதிரி ஒருத்திதான். இப்போது நான் படம் தொடங்கும்போதே செவ்வகத்தைத்தான் முதலில் வரையச் சொல்கிறேன்.

சீட்டுகளை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தேன். பத்து நாள் கழித்து, கணத்துக்கு வெளியே மிஞ்சுவதைச் சொல்லும் நிரப்பியும், சேர்ப்பின் நிரப்பியும் நிரப்பிகளின் வெட்டும் ஒன்றே என்கிற டி மார்கன் விதியும் வந்தபோது அதையே எடுத்தேன். ஒரு கூட்டத்திடம் எல்லாச் சீட்டையும் கொடுத்து, கடலை மிட்டாயோ காராச்சேவோ ஒன்றாவது பிடித்தவர்களின் சீட்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு மீதியைக் கொடுக்கச் சொன்னேன். 36-இல் 32 போக நாலு சீட்டு மிஞ்சியது. வரிசை எண்களைக் குறித்துக்கொண்டார்கள். அப்புறம் எல்லாவற்றையும் கலந்து இன்னொரு கூட்டத்திடம் கொடுத்தேன். அவர்கள் கடலை மிட்டாய் பிடிக்காத 12 சீட்டை முதலில் பிரித்தெடுத்து, அந்தப் பன்னிரண்டுக்குள் காராச்சேவும் பிடிக்காதவற்றைத் தேடினார்கள். அங்கேயும் நாலு. வரிசை எண்களை ஒப்பிட்டால் அதே நாலு சீட்டு. மாங்காய்ப் பெண்ணின் சீட்டும் அதில் இருந்தது, அவளே எட்டிப் பார்த்து எடுத்துக் காட்டினாள்.